துருவை முதலில் காட்டிய பழைய கார் வீடியோ

மார்த்தாண்டம் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு வீடியோ ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அவர் அதுவரை போட்டதெல்லாம் "சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், நேர்ல வாங்க பேசலாம்" ரகம்தான். கீழே வரும் கேள்விகளோ எப்போதும் ஒன்றேதான்: தண்ணியில கிடந்த வண்டியா, கேரளா வண்டியா, மீட்டர் திருப்பியிருக்கா? சரி, இந்தக் கேள்விகளுக்கான பதிலையே ஸ்கிரிப்ட்டாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

வண்டி 2017 ஸ்விஃப்ட் டீசல், குளச்சலில் கடலை ஒட்டிய வீட்டில் நின்றது. உப்புக்காற்று வண்டியின் மேலே அவ்வளவாகத் தெரியாது, அடியில்தான் அதிகம் வேலையைக் காட்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால் இடது பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் தகடு ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி இருந்தது. அண்ணாச்சி அங்கே கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டுப் படம் எடுக்கலாம் என்றார். "லே மக்கா, துருவைக் காட்டினா எவன் வருவான்?"

எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புத்தம் புதுக் கறுப்பாக இருந்தால், விவரம் தெரிந்தவன் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவான். அதனால் கோட்டிங் அடிக்குமுன்பே, விலை, மைலேஜ் எதுவும் சொல்வதற்கு முன்பே, வீடியோவின் முதல் காட்சியாக அந்தத் துருவை வைத்தோம். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இடத்தைத் தட்டி, பிறகு அழுத்துகிறார். முனை உள்ளே இறங்கினால் தகடு தின்னப்பட்டுவிட்டது, வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். இங்கே இறங்கவில்லை, பொருக்கு மட்டும் உதிர்ந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் கோட்டிங் கொடுத்தால் போதும். தட்டும் சத்தம் அப்படியே கேட்க வேண்டும் என்பதால் அந்த இடத்தில் பின்னணி இசையே போடவில்லை.

தண்ணீர் கேள்விக்கு அதிகம் பேசவில்லை. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு உண்டா என்று கேமராவுக்கு நேராகக் காட்டினோம். சீட் கவர் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவது அபூர்வம்.

பெயிண்ட்டின் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்ததில் கூரையும் மற்ற கதவுகளும் 100 முதல் 120 மைக்ரான். வலது முன்கதவு மட்டும் 260. கம்பெனி பெயிண்ட்டுக்கு மேல் ஒருமுறை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டி வைத்திருந்தால் அளவு இதைவிட நன்றாக ஏறியிருக்கும். ஏன் அடித்தார்கள் என்று மீட்டர் சொல்லாது, காகிதம்தான் சொல்லும். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு வருடம் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. அப்படியென்றால் அதற்கு முந்தைய பாலிசி வருடத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து சர்வீஸ் பில்லைத் தேடி எடுத்தால் வலது கதவு டிங்கரிங், பெயிண்ட். பெயிண்ட் மீட்டர், பாலிசி, பில் மூன்றையும் ஒரே ஷாட்டில் காட்டினோம். மீட்டர் திருப்பிய கேள்விக்கும் அதே பில்கள்தான் பதில். ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும், தேதிவாரியாக அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே வர வேண்டும்.

அடுத்து ஆர்சி. வண்டி எண்ணை mParivahan செயலியில் அடிப்பதிலிருந்து விவரம் வருவது வரை வெட்டாமல் எடுத்தோம், சுற்றும் சக்கரம் உட்பட. தமிழ்நாட்டுப் பதிவுதான் என்பது வண்டி எண்ணிலேயே தெரிந்துவிடும் (கேரளா வண்டி என்றால் அங்கிருந்து என்ஓசி, இங்கே வரி என்று அது தனிக் கதை). பழைய ஓனரின் முகவரி, போன் நம்பர், சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டும் மறைத்தோம். ஏன் மறைக்கிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொன்னோம், இல்லையென்றால் அதுவே சந்தேகமாகிவிடும்.

ஒரு சிக்கல் இருந்தது. லோன் அடைத்தாகிவிட்டது, ஆர்சியில் ஹெச்பி என்று போட்டிருக்கும் வங்கியின் பெயர் இன்னும் நீங்கவில்லை. படிவம் 35-உம் வங்கியின் என்ஓசியும் ஆர்டிஓ ஆபீசுக்குப் போக வேண்டும். அண்ணாச்சி "அது வாங்கும்போது பாத்துக்கலாம்" என்று எழுதச் சொன்னார். நான் எழுதியது: "ஹெச்பி இன்னும் நீங்கவில்லை. நீக்கும் செலவு எங்களுடையது. அது நீங்கி, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணம் கொடுத்தால் போதும்." கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு அவரே கேமரா முன்னால் அதைச் சொன்னார். விலை அதற்கும் பிறகு, கடைசி வரியில்தான்.

வாங்கியவர் தக்கலைக்காரர். சொந்த மெக்கானிக்கோடு வந்து, இறங்கியதும் நேரே இடது பக்கம் குனிந்து வீடியோவில் பார்த்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். பேரம் அந்தத் துருவைப் பற்றி மட்டும்தான் நடந்தது. கோட்டிங் செலவைக் கழித்துக்கொண்டார்கள். பெயர் மாறி ஆர்சி வந்ததும் போட்டோ அனுப்பினார்.