பதினான்கு பேருக்குப் போன 'தேவையில்லை'

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசிங் பார்க்கிறேன். எங்கள் வேலையில் பாதி மெயிலில்தான் ஓடும். ஓர் ஆர்டர் என்றால் ஒரு மெயில் சங்கிலி. அதில் எங்கள் ஆட்கள், பையருக்காக இங்கே வேலையைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ், சாயப்பட்டறை, நூல் கொடுப்பவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ரிப்ளை ஆல் போடாமல் ஒருவரை விட்டுவிட்டால் "எனக்குத் தகவலே வரல" என்று அதுவே தனி வழக்காகிவிடும். அதனால் கை தானாக அந்தப் பட்டனுக்குத்தான் போகும்.

என் டீமில் இருக்கும் ஜூனியர் பெண் அனுப்பிய மூன்று வரி மெயில் ஒன்று, அவள் நினைக்காத அர்த்தத்தில் பதினான்கு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அதை நாங்கள் சரிசெய்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன். இதே சிக்கலில் மாட்டியவர்கள் நான் பார்த்தவரை முதலில் மன்னிப்பு வாசகத்தைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

நேவி ப்ளூ கலரில் ஓர் ஆர்டர். மொத்தத் துணியையும் சாயத்தில் போடுவதற்கு முன் பையர் கொடுத்த நிறத்துக்குப் பொருத்தமாகச் சின்னத் துண்டுகளைச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று மூன்று விதமாக அட்டையில் ஒட்டி அனுப்புவோம். அதுதான் லேப் டிப். இந்த நேவிக்கு முதல் அட்டையும் திரும்பி வந்தது, அடுத்ததும் திரும்பி வந்தது. பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் சரியாக இருந்த நிறம், கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கில் சிவப்படித்தது. அடர் நீலத்தில் இது அடிக்கடி வரும் தொல்லை. சாயக் கலவையை மாற்றாமல் தீராது.

காலை 11:39-க்குப் பையிங் ஆபீஸிலிருந்து ஒரு கேள்வி: "துணித் துண்டுகளை வெளி லேப் ஒன்றுக்கு அனுப்பி நிறத்தை அளந்து பார்க்கலாமா?" எங்கள் ஜூனியர் தையல் பிரிவில் நின்றபடி போனில் பதில் தட்ட ஆரம்பித்தாள். அதற்குள் 11:42-க்குச் சாயப்பட்டறை மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வந்துவிட்டது: "கலவையை மாற்றிப் புதிதாக லேப் டிப் போடுகிறோம். நாளை நானே கொண்டுவந்து உங்கள் லைட் பாக்ஸில் வைத்துக் காட்டுகிறேன்." 11:43-க்கு இவளுடைய பதில் எல்லோருக்கும் போனது. மெயில் ஆங்கிலத்தில் இருந்தது, விஷயம் இதுதான்: "தேவையில்லை. இதில் ஏற்கெனவே நிறைய நேரம் போய்விட்டது. கையில் இருப்பதை வைத்தே பார்த்துக்கொள்வோம்."

அவள் வேண்டாம் என்றது வெளி லேப் சோதனையை. நம்மிடமே அளக்கும் கருவி இருக்கும்போது கூரியருக்கு ஏன் நாள் கடத்த வேண்டும் என்ற நியாயமான பேச்சு. ஆனால் ஜிமெயிலில் சங்கிலியைத் திறந்தால் மெயில்கள் நேர வரிசையில்தான் நிற்கும். எந்த மெயிலுக்குப் பதில் என்ற பழைய வரிகள் மூன்று புள்ளிக்குப் பின்னால் மறைந்திருக்கும், யாரும் அதைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஆக எல்லோர் கண்ணிலும் பட்டது: அறுபதை நெருங்கும் ஒரு மனுஷர் "நானே வந்து காட்டுகிறேன்" என்கிறார், அடுத்த நிமிஷமே ஒரு சின்னப் பெண் "தேவையில்லை, நேரம்தான் வீண்" என்கிறாள்.

அவளுக்கு இது மதியம் வரை தெரியாது. எனக்குச் சந்தேகம் வந்தது மேனேஜரின் பதிலைப் பார்த்துத்தான். வழக்கமாக நாலு வரி விளக்கி எழுதுகிறவர், 'Noted.' என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார். அதோடு அவர்களுடைய லேப் பையனின் முகவரி சிசியில் இல்லை. தன் ஆட்கள் மேலும் பார்க்க வேண்டாம் என்று எடுத்துவிட்டார் என்று தோன்றியது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பையிங் ஆபீஸ் தோழி வாட்ஸப்பில் கேட்டாள்: "டையிங்கை மாத்தப் போறீங்களா? இல்ல, இருக்கிற ஷேடையே ஓகே பண்ணச் சொல்றீங்களா?"

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. ஒரே மெயில், மூன்று இடத்தில் மூன்று தப்பான எண்ணத்தை உண்டாக்கியிருந்தது. மேனேஜருக்கு அவமானம். சிசியில் இருந்த அவர் முதலாளிக்கு, ஆர்டர் கைவிட்டுப் போகிறதோ என்ற பயம். பையிங் ஆபீஸுக்கோ, நாங்கள் சிவப்படிக்கும் நிறத்தையே தலையில் கட்டப் பார்க்கிறோம் என்ற சந்தேகம். வெறும் 'சாரி' முதல் ஆளுக்குக்கூடப் பாதிதான் போதும், மற்ற இருவருக்கும் அதில் ஒன்றுமே இல்லை. அதனால் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்கு முன், யார் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

இவளைக் கூப்பிட்டு, என் ஸ்க்ரீனில் அந்த இரண்டு மெயிலையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னேன். "ஐயோ அக்கா, நான் அவரைச் சொல்லவே இல்லைக்கா" என்று கண் கலங்கிவிட்டாள். உடனே மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது. ஜிமெயிலில் 'Undo Send' அதிகபட்சம் 30 விநாடிதான், அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அவுட்லுக்கில் 'Recall' உண்டு, ஆனால் அது ஒரே நிறுவனத்தின் கணக்குகளுக்குள்தான் வேலை செய்யும். வெளி ஆட்களுக்குப் போன மெயிலை இழுக்காது. போதாக்குறைக்கு, 'இவர் தன் மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்ற மாதிரி ஓர் அறிவிப்பு அவர்களுக்குப் போய், பார்க்காதவரையும் பார்க்க வைத்துவிடும். எங்களுக்கு வந்த அப்படிப்பட்ட அறிவிப்புகளை நாங்களே ஆவலாகத் திறந்து படித்திருக்கிறோம்.

அடுத்தது, மெயிலா போனா என்ற கேள்வி. முதலில் போன், அதுவும் மேனேஜருக்கு மட்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவரிடம் பேசாமல் நேராக எல்லோருக்கும் மன்னிப்பு மெயில் போட்டால், "இவர் மனம் புண்பட்டிருக்கிறார்" என்று நாமே பதினான்கு பேருக்கு அறிவித்த மாதிரி ஆகும். அவர் ஒருவேளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவராகக்கூட இருக்கலாம்.

என் எண்ணை எடுக்காததால் அலுவலக லேண்ட்லைனில் கூப்பிட்டோம். நான் பேசி அவளிடம் கொடுத்தேன். அவள் சுற்றி வளைக்காமல், "சார், என் பதில் உங்க மெயிலுக்கு இல்லைங்க சார், லேப் டெஸ்ட் கேட்டிருந்தாங்க, அதுக்குத்தான் வேண்டாம்னு போட்டேன். உங்க மெயில் வந்ததை நான் பார்க்கவே இல்லைங்க சார்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வேண்டாம்னா வேண்டாம்னு எனக்குப் போன்ல சொல்லியிருக்கலாமேனு நெனச்சனுங்க அம்மிணி. அத்தனை பேர் முன்னாடி நேரம் வீணாப் போச்சுன்னா, எங்க முதலாளி என்னைத்தான கேப்பாரு?" என்றார். முதலாளி ஏற்கெனவே கேட்டும் இருந்தார். அவருக்கு வலித்தது எங்கே என்று எங்களுக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. "எல்லாருக்கும் தெளிவா ஒரு மெயில் போடட்டுமாங்க சார்?" என்று அவள் கேட்க, "போடுங்க, போட்டா நல்லதுங்க" என்றார். அந்த அனுமதி முக்கியம்.

மெயிலை யார் அனுப்புவது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. சீனியரான நான் அனுப்பினால் எடை கூடும் என்றார் எங்கள் மேனேஜர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எழுதினால் ஜூனியர் திட்டு வாங்கினாள் என்று தெரியும், விஷயம் மேலிடத்துக்குப் போன மாதிரி ஆகும். எந்தப் பெயரில் குழப்பம் போனதோ அதே பெயரில்தான் தெளிவும் வர வேண்டும். அதே சங்கிலியில், அதே பதினான்கு பேருக்கு, சிசியிலிருந்து காணாமல் போன லேப் பையனையும் திரும்பச் சேர்த்து.

அவள் எழுதிய முதல் வடிவம் இப்படி இருந்தது: "என் மெயில் யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். போனில் அவசரமாக அனுப்பியதாலும், நெட்வொர்க் சரியில்லாததாலும்..." 'புண்படுத்தியிருந்தால்' என்பதை முதலில் எடுத்தேன். புண்பட்டது தெரிந்த பிறகு அந்த 'இருந்தால்' வாசிப்பவர் மீதே பழியைப் போடுகிறது. நெட்வொர்க், அவசரம் எல்லாவற்றையும் எடுத்தேன், அவை யாருடைய சந்தேகத்தையும் தீர்க்காது. கடைசியில் போனது, கிட்டத்தட்ட இது:

"11:43-க்கு நான் அனுப்பிய பதில், வெளி லேப் சோதனை பற்றி 11:39-க்கு வந்த கேள்விக்கானது. அது எதற்கான பதில் என்று நான் குறிப்பிடாததால், சாயப்பட்டறையின் மெயிலுக்குச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அதற்கு வருந்துகிறேன். கலவையை மாற்றிப் புது லேப் டிப் போடுவது நமக்குக் கட்டாயம் தேவை. சார் நாளை நேரில் கொண்டுவருவதாகச் சொன்னதற்கு நன்றி, 11 மணிக்கு லைட் பாக்ஸைத் தயாராக வைத்திருப்போம். பழைய அட்டையில் உள்ள எந்த ஷேடும் ஒப்புதலுக்கு வராது. வெளி லேப் சோதனை இப்போதைக்கு வேண்டாம், எங்கள் கருவியிலேயே அளந்து அறிக்கை அனுப்புகிறோம்."

மன்னிப்பு ஒரே வரி. மீதி எல்லாம் அந்தத் தாளில் எழுதிய மூன்று தப்பெண்ணங்களுக்கான பதில். மேனேஜருக்கு அவர் வருகை வேண்டும் என்பது, அவர் முதலாளிக்கு வேலை அவர்களிடமேதான் என்பது, பையிங் ஆபீஸுக்குப் பழைய ஷேடைத் திணிக்கவில்லை என்பது. நான் அதன் கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை, எங்கள் ஆட்களையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'பரவாயில்லை', 'இது சகஜம்' என்று நாலு ரிப்ளை ஆல் வந்தால் சங்கிலி முழுக்க அதுவாகவே நிற்கும். மேனேஜர் பழையபடி நாலு வரியில் பதில் போட்டார், எந்தச் சாயத்தின் அளவைக் குறைத்திருக்கிறார் என்ற விவரத்தோடு. எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் அவர் வந்தபோது லைட் பாக்ஸ் பக்கத்தில் நின்று விளக்கை மாற்றியவள் எங்கள் ஜூனியர்தான். டிஎல்84-ல் ஏ துண்டு இன்னும் லேசாகச் சிவந்தது, பி நின்றது. அதையே அனுப்பினோம்.

ஒன்று மட்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. அந்த 11:43 மெயிலை யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சாயப்பட்டறையின் வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்கள். மெயிலில் அனுப்பிய தெளிவு அங்கே போகவில்லை. குரூப்பில் எங்களுக்கு இடமில்லை, அதையும் இங்கே போடுங்கள் என்று கேட்பதும் சரியில்லை. மேனேஜரே இரண்டாவது மெயிலையும் படம் எடுத்துப் போட்டதாக லேப் பையன் பிறகு சொன்னான்.

இப்போது எங்கள் டீமில் நீளமான சங்கிலியில் பதில் போடும்போது முதல் வரியில் பெயரும் கேள்வியும் வரும்: 'வெளி லேப் சோதனை குறித்து' என்று தொடங்கித்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்கிறோம். 'Undo Send' 5 விநாடியில் இருந்ததை எல்லோர் கணக்கிலும் 30-க்கு மாற்றினோம். 'வேண்டாம்' என்ற பதில் எதுவானாலும், அனுப்பும் முன் சங்கிலியை ஒரு தடவை கடைசி வரை இறக்கிப் பார்ப்போம்.