குடியை நிறுத்திய கணவரும் இரண்டு கையெழுத்துக் கணக்கும்

சிகிச்சை முடித்து வீடு திரும்பிய கணவருக்குத் துணையாக இருப்பதைவிட, குறுவை நெல் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கைக் காப்பாற்றியதுதான் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. மன்னார்குடிப் பக்கத்தில் எங்களுக்கு எட்டு மா நிலம். பட்டா அவர் பெயரில் இருப்பதால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவும் அவர் பெயரில்தான், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். மாதக்கணக்காகக் குடிக்காமல் இருக்கும் ஒருவருடைய கையில் மொத்தப் பணமும் ஒரே நாளில் வந்து சேருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை, சிகிச்சையளித்த மனநல மருத்துவரே அவரை அருகில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரிடமும் சொன்னார்.

குடியை நிறுத்தும் கட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். பல வருடங்களாக அன்றாடம் குடித்தவரைக் கோயிலில் கயிறு கட்டி, அன்றோடு நிறுத்தச் சொல்லி வீட்டில் அடைத்து வைக்காதீர்கள். கை நடுக்கமும் வியர்வையும் ஒரு நாளுக்குள் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிந்து, இடம் பொருள் தெரியாமல் பேசத் தொடங்கினால், உயிருக்கே ஆபத்து என்று எண்ணி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டம் மருத்துவமனையிலேயே கழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டைசல்பிராம் மாத்திரை. இதை உட்கொள்ளும் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் தர வேண்டும் என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். உறவினர் ஒருவர் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி, விளம்பரத்தில் பார்த்த ஏதோ ஒரு பவுடரைக் கொண்டு வந்தார்; நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வேலை இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கக்கூடும் என்பதால், அந்த நாட்களில் அரிஷ்டம், சாராயம் கலந்த இருமல் மருந்து எதுவும் ஆகாது. வயிற்றுப் பொருமலுக்கு என்று மாமியார் எடுத்து வைத்திருந்த தசமூலாரிஷ்டப் பாட்டிலை நான்தான் அலமாரியிலிருந்து அப்புறப்படுத்தினேன். காலையில் அவர் கேட்டால் மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். கேட்காவிட்டால் ஒருமுறை நினைவூட்டுவேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது என் வேலையில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இனி வங்கிக்கு வருகிறேன். என் பெயரை அவர் கணக்கில் சேர்த்து, இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று மாற்ற அவரே ஒப்புக்கொண்டார். அவர் தெளிவாக இருக்கும்போது, அவராகவே வந்து கையெழுத்திட்டால்தான் இது நடக்கும். மனைவி மட்டும் போய் நின்றால் எந்த வங்கியிலும் நடக்காது. ஆதார், பான் அட்டை, புகைப்படம் சகிதம் இருவரும் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்து, "ஏம்மா, அவரு சம்பாத்தியத்துக்கு நீங்க எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு கேள்வியில் அவர் மனம் மாறித் திரும்பிப் போயிருந்தால், அந்த ஊழியருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அதைவிட மோசமானது, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. நாங்கள் கேட்டது இருவரும் சேர்ந்து இயக்கும் கணக்கு; அவர் போட்டுக் கொடுத்ததோ 'ஐதர் ஆர் சர்வைவர்', அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம் என்ற வகை. கூட்டுக் கணக்கு என்று சொன்னாலே வழக்கமாக அதைத்தான் போடுகிறார்கள். பேருந்தில் வரும் வழியில் புத்தகத்தைப் புரட்டாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. மறுபடியும் இருவருமாகப் போய், மேலாளரைப் பார்த்து, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கினேன். இதைச் செய்பவர்கள் ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கொடுத்ததோடு நின்றுவிட வேண்டாம். கார்டு முடங்கினாலும் கைப்பேசியில் ஏற்கெனவே பின் எண் போட்டு வைத்த யு.பி.ஐ. தொடர்ந்து வேலை செய்யக்கூடும். அதையும் தனியாக எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நெல் பணம் ஏறிய வாரத்தில் அவர் சறுக்கினார். மாத்திரையைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சறுக்கினால் என்ன செய்வது என்பதை மருத்துவமனையில் இருந்தபோதே பேசி, நோட்டில் எழுதி வைத்திருந்தோம்: அன்றிரவு அவர் அண்ணன் வீட்டில் தங்க வேண்டும், நான் அப்போது வாக்குவாதம் செய்ய மாட்டேன், மறுநாள் தெளிந்த பிறகு மருத்துவரிடம் போக வேண்டும், கை நீட்டினால் 181-ஐ அழைப்பேன். மூத்தார் வந்து அழைத்துப் போனார். நானும் மகளும் உள் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தோம். அடி விழும் வீடுகளில் இந்த ஏற்பாடு போதாது. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். பணத்தைப் பறிப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். காவல் நிலையத்தில் "குடும்ப விஷயம், சமாதானமாப் போங்க" என்று அனுப்பப் பார்த்தால், மனு ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் ரசீது இல்லாமல் வந்துவிட்டு, மனு கொடுத்ததையே நிரூபிக்க முடியாமல் தவித்தார்.

கணக்கில் கை வைக்க முடியாததால், என் கணவர் உரக்கடைக்காரரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். கடைக்காரர் நேராக என்னிடம் வந்து கேட்டார். நான் ஜாமீன் போடவில்லை, கையெழுத்தும் இடவில்லை, எனவே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"புருஷன் வாங்குன கடனைப் பொண்டாட்டி அடைக்காம வேற யாரு அடைப்பா?"

"அவரே அடைப்பாரு அத்தை. நான் அடைச்சா அடுத்த கடனும் இந்த வாசலுக்குத்தான் வரும்."

சம்பா நடவுக்குப் பிறகு கூலி வேலைக்குப் போய் அவரேதான் அடைத்தார். பயிர்க்கடன் மட்டும் இருவர் கையெழுத்தில் அந்தக் கணக்கிலிருந்தே கட்டப்பட்டது, ஏனென்றால் கூட்டுறவு சங்கத்தில் தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். அதில் பிடிவாதம் பிடித்தால் நஷ்டம் எனக்கும்தான்.

மிச்சம் இருந்தது என் நகை. குடித்த காலத்தில் அது அவர் பெயரில் அடகு வைக்கப்பட்டிருந்தது. அடகு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் நகையைத் திருப்பித் தருவார்கள். வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா என்பதெல்லாம் அங்கே செல்லாது. புதுப்பிக்கும் தவணை வந்தபோது, வட்டியை மட்டும் கட்டி அவர் பெயரிலேயே புதுப்பிக்கச் சொன்ன ஊழியரிடம் மறுத்து, அம்மாவிடம் கொஞ்சம் வாங்கி முழுவதுமாக மீட்டு, தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் என் பெயரில் வைத்தேன். அந்தச் சீட்டும், மகளின் சான்றிதழ்களும், குடும்ப அட்டை நகலும் இப்போது அம்மா வீட்டில் இருக்கின்றன. கூட்டுக் கணக்கின் குறுஞ்செய்தி என் எண்ணுக்கும் வர வேண்டும் என்று கொடுத்த விண்ணப்பம்தான் அந்த வங்கியில் இன்னும் நகரவில்லை. அதுவரை வாரம் ஒருமுறை புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.