உடைந்த தைலப் புட்டியும் ரீஃபண்ட் பக்கமும்

கோத்தகிரியில் இருந்து தைலமும் தேயிலைத் தூளும் ஆன்லைனில் அனுப்புகிறோம். எங்கள் ரிட்டர்ன் பக்கத்தை எழுதியவர் வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 'எந்தக் காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது', 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாத புகார்கள் நிராகரிக்கப்படும்', 'நிறுவனத்தின் முடிவே இறுதியானது'. படித்தால் காசு கொடுக்கிறவனுக்குக் கை வருமா? போதாததற்கு, உடைந்த பொருளையும் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது, அதனால் அந்த முதல் வரி செல்லவும் செல்லாது.

மாற்றச் சொன்னேன். தம்பி ஒரேயடியாக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்: 'கவலை வேண்டாம், உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி'. பேமென்ட் கேட்வேக்காரர்கள் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பினார்கள். 'பாலிசி தெளிவாக இல்லை' என்ற ஒரே பதில்தான், எத்தனை தடவை கேட்டாலும் அதே வரி. கடைசியில் போனில் கிடைத்த ஒருவர்தான், 'சார், எத்தனை நாளில் பணம் வரும்னு எங்கேயுமே இல்லையே' என்றார். இதை முதல் மெயிலிலேயே சொல்ல என்ன கேடு!

எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி. புட்டி உடைந்து, தேயிலை எல்லாம் தைல வாடையோடு பார்சல் கையில் இருக்கிறவருக்கு என் மகிழ்ச்சி எதற்கு? அவருக்கு வேண்டியது நாளும் தொகையும். அதனால் அவரை மனதில் வைத்தே எழுதினேன்:

'புட்டி உடைந்து வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வீடியோ வேண்டாம். பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. புதிய புட்டியா பணமா என்பது உங்கள் விருப்பம். தைலம் பட்ட தேயிலைக்கும் கூரியர் கட்டணத்துக்கும் சேர்த்தே தருவோம். இரண்டு வேலை நாளில் பணத்தை விடுவிப்போம், உங்கள் வங்கியில் ஏற அதன்பின் 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம்.'

அந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் போடுவது முக்கியம். சேர்த்துப் போட்டால் மூன்றாம் நாளே 'பணம் வரலையே' என்று போன் வரும். விடுவித்ததும் ரெஃபரன்ஸ் நம்பரை அனுப்பிவிடுகிறோம், அதை வைத்து அவர்கள் வங்கியிலேயே கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் பணம் கொடுத்து வாங்கியவர்களிடம் யுபிஐ ஐடி கேட்க வேண்டியிருக்கிறது, அங்கே 'பின் நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டோம்' என்று ஒரு வரி.

மறுப்பதையும் மறைக்கவில்லை. 'பிரித்த தேயிலையைத் திரும்ப எடுப்பதில்லை, உணவுப் பொருளை இன்னொருவருக்கு விற்க முடியாது.' காரணத்தோடு சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. தைலம் தீப்பற்றும் பொருள் என்பதால் தரை வழியாகத்தான் போகும், தாமதமாகும் என்பதையும் அங்கேயே போட்டோம். நீதிமன்ற எல்லை விவகாரம் எல்லாம் வேறு பக்கத்துக்குப் போயிற்று.

இந்தத் தடவை கேள்வி கேட்காமல் ஒப்புதல் வந்தது. நீங்களும் மாற்றினால் பார்சலுக்குள் போகும் பில்லையும் பாருங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எங்களுடையதில் அடியில் அச்சடித்தே இருந்தது, ஒரு வாடிக்கையாளர் அதைப் படம் பிடித்து அனுப்பி, 'இதில் எது சரி?' என்று கேட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.