400 பெட்டி நூலும் ஒரு எல்.சி.யும்

கோவையில் நூல் வியாபாரம் செய்கிறேன். மில்களில் வாங்கி திருப்பூருக்கு விற்பதுதான் பல வருட வேலை. உள்ளூரில் பணம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்: 'அடுத்த வாரம்' என்பார்கள், அந்த வாரம் வரவே வராது. வங்கதேசத்தில் நாராயண்கஞ்சிலிருந்து ஒரு பனியன் துணி ஆலைக்காரர் 30-ம் கவுண்ட் கோம்டு ஹொசைரி நூல் கேட்டபோது முதலில் எனக்கு வந்ததும் அந்தப் பயம்தான். கப்பலேறிப் போன சரக்கை யாரிடம் போய்க் கேட்பது?

அவருக்கும் என்னிடம் அதே பயம். முன்பணம் அனுப்பினால் நான் நூல் அனுப்புவேனா, இல்லை காலிப் பெட்டி அனுப்புவேனா? இரண்டு பேருமே முதலில் கை நீட்டத் தயாரில்லை. நடுவில் வங்கி வந்து நின்றால்தான் நடக்கும். எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கியே பணத்துக்கு வாக்குக் கொடுக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட், போடுவதாகச் சொன்னார். அங்கிருந்து நூல் வாங்குபவர்களிடம் அதுதான் வழக்கம்.

ஒரு நாற்பதடி கன்டெய்னர்: 400 பெட்டி, பெட்டிக்கு 24 கோன், 45.36 கிலோ. மொத்தம் 18,144 கிலோ. கிலோ 3.10 டாலர் என்று பேசி 56,246.40 டாலருக்கு புரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பனைக்கு முந்தைய மாதிரி பில், அனுப்பினேன். பி.எல். என்பது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங். அதன் தேதியிலிருந்து 90 நாளில் பணம். அதாவது அவருக்கு 90 நாள் கடன். ஆனால் அந்தக் கடனைத் திருப்பித் தருவதாக எனக்கு வாக்குக் கொடுப்பது அவர் அல்ல, டாக்காவில் இருக்கும் அவருடைய வங்கி. ஆலை நஷ்டத்தில் போனாலும், அவர் மனசு மாறினாலும், என் காகிதங்கள் சரியாக இருந்தால் வங்கி கொடுத்தாக வேண்டும்.

'என் காகிதங்கள் சரியாக இருந்தால்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியாது.

பிப்ரவரியில் என் வங்கிக்கு MT700 வந்தது. எல்.சி. வரும் ஸ்விஃப்ட் செய்தியின் பெயர் அது. நான்கு பக்கம். சந்தோஷமாக மில்லுக்கு போன் போடப் போனேன். வங்கியில் ஏற்றுமதி டெஸ்க்கில் இருக்கும் மேடம், "சார், இதை முழுசாப் படிச்சீங்களா?" என்றார். இல்லை. உட்கார வைத்துப் படிக்க வைத்தார்.

முதலில் 31D. எல்.சி. காலாவதியாகும் தேதியும் இடமும் அங்கே இருக்கும். தேதி ஏப்ரல் 10, சரி. இடம் வங்கதேசம் என்று இருந்தது. அப்படியென்றால் ஏப்ரல் 10-க்குள் காகிதங்கள் டாக்கா வங்கியின் மேஜையில் இருக்க வேண்டும். கூரியர் தாமதமானால் அது என் தலையில். இந்தியா என்று மாற்றினால் கோவையில் மேடம் கையில் கொடுத்த நாளே கணக்கு.

அடுத்தது 46A, கொடுக்க வேண்டிய காகிதங்களின் பட்டியல். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், முழு செட் பி.எல்., சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின். இவையெல்லாம் என்னால் முடியும். கடைசியில் ஒன்று: சரக்கைப் பார்த்ததாக, வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட்.

நான் அதில் ஒன்றும் தப்பாகப் பார்க்கவில்லை. வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டுமே. மேடம் கேட்டார்: "அவர் கையெழுத்துப் போடலேன்னா?" அப்போதுதான் உறைத்தது. வங்கியின் வாக்கு வாங்குபவரின் மனநிலையைப் பொறுத்தது அல்ல என்பதற்காகத்தானே இவ்வளவும். இந்த ஒரு காகிதம் அவர் பேனாவில் இருந்தால், வங்கியின் வாக்கும் அவர் பேனாவிலேயே இருக்கிறது. சந்தை இறங்கினால் அவர் ஆளை அனுப்பாமல் இருந்தாலே போதும்.

நாராயண்கஞ்சுக்குப் போன் போட்டேன். அவர் இந்தியில், நான் எனக்குத் தெரிந்த இந்தியில். "பாய், தரம் பார்க்காம எப்படிப் பணம் கட்டறது?" என்றார். நியாயம்தான். வங்கி பெட்டியைத் திறந்து பார்க்காது. எல்.சி.களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான விதிகள் உண்டு, யு.சி.பி. 600 என்று பெயர். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை வெளியிட்டது, 2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் ஐந்தாவது பிரிவு பச்சையாகவே சொல்கிறது: வங்கிகள் கையாள்வது காகிதங்களை, சரக்கை அல்ல. 1941-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. இந்தியாவிலிருந்து பிரஷ் முடி என்று சொல்லி அனுப்பிய ஐம்பது பெட்டியில் மாட்டு முடியும் குப்பையும்தான் இருந்தது என்று வாங்கியவர் நீதிமன்றம் போனார். பணம் கொடுக்கும் முன்பே இப்படி அப்பட்டமான மோசடி வங்கியின் கவனத்துக்கு வந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்று அங்கே சொன்னார்கள். அது அந்த அளவு மோசடிக்கு மட்டும். நூல் கொஞ்சம் முடிச்சு விழுகிறது என்ற புகாருக்கெல்லாம் வங்கி நிற்காது.

அதனால் அவருக்கும் ஒரு பிடி வேண்டும். இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சர்வே நிறுவனம் கன்டெய்னரில் ஏற்றும் முன் பார்த்து சர்டிபிகேட் கொடுக்கட்டும் என்று முடிவானது. செலவு பாதிப் பாதி. பிறகு 31D-யையும் மாற்றி MT707 வந்தது, அது திருத்தம். மொத்தம் ஒன்பது நாள். அதுவரை மில்லுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் சரி என்று சொன்னதற்கும் எல்.சி.க்கும் சம்பந்தமில்லை. திருத்தம் வங்கி வழியாக வந்தால்தான் திருத்தம்.

அப்புறம் நடந்தது வழக்கமான வேலை. மார்ச் 9 சர்வேயர் வந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார், கன்டெய்னருக்கு சீல் வைத்தார். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பு வழியாக சட்டோகிராம். பி.எல்.லில் கப்பலேறிய தேதி மார்ச் 12. எல்.சி.படி அதிலிருந்து 15 நாளுக்குள், அதாவது மார்ச் 27-க்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும்.

18-ம் தேதி எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு மேடம் முன் வைத்தேன். பென்சிலை எடுத்தார். முதல் வட்டம் இன்வாய்ஸில்:

```
LC 45A:  100 PCT COTTON COMBED HOSIERY YARN NE 30/1
INVOICE: 100 PCT COTTON COMBED YARN 30S
```

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" நூல்காரனுக்கு ஒன்றுதான். வங்கிக்காரருக்கு நூல் தெரியாது, எழுத்துதான் தெரியும். மற்ற காகிதங்களில் சரக்கைப் பொதுவாகச் சொன்னால் போதும், எல்.சி.யோடு முரண்படக் கூடாது, அவ்வளவுதான். இன்வாய்ஸில் மட்டும் எல்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். சரி, இன்வாய்ஸ் என் காகிதம், பத்து நிமிடத்தில் வேறு அடித்துவிட்டேன்.

இரண்டாவது வட்டம்தான் வயிற்றைக் கலக்கியது. பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை 19,200 கிலோ. பி.எல்.லில் 19,020. யாரோ இலக்கத்தை மாற்றித் தட்டியிருக்கிறார்கள். சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் ஏஜென்டான ஃபார்வர்டர் பி.எல். வரைவு அனுப்பியபோது ஓகே சொன்னது நான்தான், அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை. மூன்று ஒரிஜினலையும் கப்பல் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து, திருத்தக் கட்டணம் கட்டி, புதிய செட் கைக்கு வர ஏழு நாள். மார்ச் 26 மாலை மூன்று மணிக்குக் கொடுத்தேன். கெடு முடிய ஒரு நாள்.

டாக்காவுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தது. அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். காகிதம் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் வங்கி ஏற்க வேண்டும், அல்லது என்னென்ன குறை என்று ஒரே கடிதத்தில் மொத்தமாகச் சொல்லி மறுக்க வேண்டும். தவணை முறையில் குறை சொல்ல முடியாது. விற்பவருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஐந்தாம் நாள் அடுத்த ஞாயிறு. திங்கள் காலை மேடம் கூப்பிட்டார். MT734 வந்திருந்தது, மறுப்பு.

குறை ஒன்றே ஒன்று: சர்வே சர்டிபிகேட்டின் தேதி மார்ச் 14, கப்பலேறியது 12. ஏற்றும் முன் பார்த்ததாகச் சொல்லும் சர்டிபிகேட் ஏற்றிய பிறகு எப்படி வரும்?

அன்று மாலையே நாராயண்கஞ்சிலிருந்து போன். "பாய், மார்க்கெட் இறங்கிடுச்சு. கிலோவுக்குப் பத்து சென்ட் குறைச்சுக்குங்க, பேங்க்ல நான் ஓகே சொல்லிடறேன்." பத்து சென்ட் என்றால் 1,814 டாலர். கன்டெய்னர் அங்கே துறைமுகத்தில் இறங்கி நிற்கிறது, நாள் ஏற ஏற வாடகை ஏறும். குறை இருந்தால் வங்கியின் வாக்கு போய்விடும், அதன் பிறகு வாங்குபவர் மனது வைத்தால்தான் பணம். நான் ஒத்துக்கொள்ளவே இருந்தேன்.

மேடம் சர்டிபிகேட்டின் நகலை எடுத்து இரண்டாவது பத்தியைக் காட்டினார். மார்ச் 9 அன்று பார்த்து, ஏற்றி, சீல் வைத்ததாக அதில் எழுதியிருந்தது. டைப் செய்து கையெழுத்திட்டது மட்டும் 14. ஏற்றும் முன் நடந்தது என்பது தலைப்பிலோ தேதியிலோ உள்ளே எழுதியதிலோ தெரிந்தால் போதும் என்று, காகிதங்களைச் சரிபார்க்கும் முறைக்கென்றே அதே சபை வெளியிட்ட ஐ.எஸ்.பி.பி.யில் இருக்கிறது. அந்தப் பத்தி எண்ணையும் சர்டிபிகேட் வாசகத்தையும் போட்டு MT799-ல் பதில் போனது. வாங்குபவரிடம், வங்கி சொல்லட்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவரும் மாட்டிக்கொண்டுதான் இருந்தார். பி.எல். அவர் வங்கியின் பெயருக்கு 'டு ஆர்டர்' ஆக இருந்தது. வங்கி பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் கன்டெய்னரை எடுக்க முடியாது, அவர் மெஷினுக்கு நூல் வேண்டும், வாடகையும் கடைசியில் அவருக்குத்தான் வரும். நான்காம் நாள் டாக்காவிலிருந்து ஏற்புச் செய்தி வந்தது: ஜூன் 10 அன்று பணம் தருகிறோம். கிலோவுக்கு 3.10, பைசா குறையாமல்.

அந்த ஏற்பைக் காட்டி என் வங்கியில் பில்லை டிஸ்கவுன்ட் செய்து, அதாவது தவணைக்கு முன்பே வட்டி கழித்துப் பணம் வாங்கி, மில்லுக்குக் கட்டினேன். செய்யும் முன் மேடம் ஒரு கேள்வி கேட்டார்: அந்த டாக்கா வங்கி மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? 2022-க்குப் பிறகு வங்கதேசத்தில் டாலர் தட்டுப்பாடு வந்து, ஏற்ற பில்லுக்கே பணம் தாமதமானது உண்டு. இங்கே இருக்கும் ஒரு வங்கி தன் வாக்கையும் சேர்த்துக் கொடுத்தால் (கன்ஃபர்மேஷன் என்பார்கள்) அந்தக் கவலை இல்லை, ஆனால் அதற்குக் கட்டணம். என் லாபத்தில் அது பாதியைச் சாப்பிட்டிருக்கும். வேண்டாம் என்றேன். ஜூன் முதல் வாரத்தில் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் ஜூன் 12 வந்தது. குறை இருந்த காகிதத்துக்கான கட்டணம் என்று 70 டாலர் பிடித்திருந்தார்கள். குறையே இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்ட பிறகு என்ன கட்டணம் என்று மேடம் இரண்டு முறை எழுதினார். இன்னும் பதில் இல்லை.