சின்ன வட்டத்திலும் அதே முகம் தெரிய வேண்டும்

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் புது புரொஃபைல் படம் வைத்திருந்தார். ஸ்டுடியோவில் எடுத்து ரீடச் செய்த படம். திறந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாட் பட்டியலில் வரும் சின்ன வட்டத்தில் பார்த்த சக ஆசிரியை, "மேடம், இது உங்க தங்கச்சி படமா?" என்று கேட்டிருக்கிறார். லேயர்கள் ஒன்றாகச் சேர்க்கப்படாமல் தனித்தனியாக இருந்த ஃபைலை வாங்கி என்னிடம் அனுப்பி, "என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

முதலில் ரீடச் செய்யாத மூலப் படத்தையும் ரீடச் செய்ததையும் ஒரே மாதிரி சதுரமாக க்ராப் செய்து, இரண்டையும் 150 பிக்சலுக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நல்ல திரையுள்ள போனில் சாட் பட்டியலின் வட்டம் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். ஜூமைக் குறைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது, உண்மையிலேயே சுருக்கிய ஃபைல் வேண்டும். மூலத்தில் அவர் அவராகவே இருந்தார். ரீடச் செய்ததில் வேறு யாரோ.

காரணம் புரிய அளவை யோசித்தால் போதும். அந்தப் படத்தில் முகத்தின் அகலம் 60 பிக்சல்தான். ஒரு கண் 12 பிக்சல், புருவத்தின் தடிமன் இரண்டு மூன்று பிக்சல். தோலின் துளைகளும் மெல்லிய கோடுகளும் சுருங்கும்போது தாமாகவே கரைந்துவிடும். அவற்றை நீக்கினாலும் விட்டாலும் இங்கே வித்தியாசம் தெரியாது. மிஞ்சுவது பெரிய நிழல்கள் மட்டும்: கண்குழி, மூக்கின் பக்கவாட்டு, கன்னத்துக்கும் தாடைக்கும் கீழே உள்ள இருட்டு, புருவம், உதடு. ஸ்டுடியோக்காரர் தோலை மென்மையாக்கும்போது இந்த நிழல்களையும் சேர்த்து வெளிறச் செய்திருந்தார். பெரிய படத்தில் அது இளமையாகத் தெரிகிறது, சின்னதில் முகம் தட்டையாகிவிடுகிறது.

எனவே துளைகளைச் சரிசெய்த லேயரைத் தொடவே இல்லை. நிழல்களை வெளுத்த லேயரின் ஒபாசிட்டியை மட்டும் மெல்ல மெல்லக் குறைத்தேன். பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் மூக்கு மறுபடி எழுந்து நின்றது, தாடையும் கழுத்தும் பிரிந்தன. கண்ணுக்குக் கீழே இருந்த சோர்வு மட்டும் திரும்பி வந்துவிடாதபடி, அந்த லேயரின் குறைக்காத நகல் ஒன்றை மாஸ்க் போட்டு அங்கே மட்டும் தெரிய விட்டேன்.

அடுத்தது புருவம். புருவத்தை அழித்தால் தெரிந்த முகத்தைக்கூட அடையாளம் காண்பது சிரமமாகிறது, கண்களை அழிப்பதைவிடவும் சிரமமாகிறது என்று பார்வை பற்றி ஆராயும் விஞ்ஞானி பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். சின்ன படத்தில் இது கண்கூடு. இந்தப் படத்தில் புருவத்தின் வெளிமுனையைச் சீராக்குகிறேன் என்று மெலிதாக்கியிருந்தார்கள். அது ஒரு பிக்சலுக்கும் குறைவாகிக் காணாமல் போயிருந்தது. மூலத்தின் புருவத்தை அப்படியே மீட்டு, கர்வ்ஸில் ஒரு துளி கருமை ஏற்றினேன்.

கண்ணில் இன்னொரு விஷயம் கிடைத்தது. கண்மணியில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பெரிதாக்கியிருந்தார்கள். கருவிழியே ஐந்து பிக்சல்தான் என்னும்போது அந்த வெள்ளை சுற்றியுள்ள கறுப்போடு கலந்து விழியைச் சாம்பலாக்கிவிடுகிறது. பெரிதாக்கிய புள்ளியை எடுத்து மூலத்தில் இருந்த அளவுக்குக் கொண்டுவந்ததும் பார்வை திரும்பியது. மேலுதட்டருகே இருந்த மச்சத்தையும் திருப்பி வைத்தேன். சின்னதில் ஒரு பிக்சலுக்குத்தான் வரும், ஆனாலும் அவரைத் தெரிந்தவர்களுக்கு அது வேண்டும்.

அப்புறம் பின்னணி. கறுத்த கூந்தல், கரும்பழுப்புத் திரை. தலையின் வடிவமே தெரியவில்லை. தலைக்குப் பின்னால் மட்டும் திரையை லேசாக வெளுக்கச் செய்தேன். வட்டம் சதுரத்தின் நான்கு மூலைகளையும் வெட்டிவிடும், பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதைக் கணக்கில் வைத்து, உச்சந்தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, முகம் முன்பைவிடப் பெரிதாக வருமாறு மறுபடி க்ராப் செய்தேன்.

இனி சரிபார்ப்பு. என் கண்ணை நம்ப முடியாது, அது யார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியுமே. அவருடைய தங்கை, சக ஆசிரியைகள் சிலர் ஆகியோரின் படங்களையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவு வட்டங்களாக அடுக்கி, எதுவும் சொல்லாமல் அவர் மகனிடம் காட்டச் சொன்னேன். "இது அம்மா" என்று உடனே விரல் வைத்துவிட்டானாம். பழைய ரீடச்சையும் இதே வரிசையில் வைத்துக் காட்டியபோது தயங்கித்தான் சொல்லியிருக்கிறான்.

கடைசியாக, ஆப்பில் ஏற்றிய பிறகு வருவதைப் பார்க்க வேண்டும். ஆப் தன் பங்குக்குப் படத்தை மறுபடி சுருக்கி அமுக்கும். திரைகளுக்கான பொது வண்ண வரையறையான sRGB-க்கு மாற்றி ஏற்றிவிட்டு, வெள்ளைத் தீமிலும் டார்க் மோடிலும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். டார்க் மோடில் வலப்பக்கக் கூந்தல் பின்னணித் திரையோடு கலந்திருந்தது. அந்த ஓரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்து அனுப்பினேன். பிரிண்டுக்கான பெரிய படத்தில் ஸ்டுடியோ செய்த ரீடச் அப்படியே இருக்கட்டும் என்று தனி ஃபைலாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.