இருபது ரூபாய் எண்பது காசு

கோவையில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்கு, அமேசானில் ஓடும் விளம்பரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒருவர் `cast iron dosa tawa` என்று தேடினால் முதல் வரிசையில் "ஸ்பான்சர்டு" என்ற சிறிய எழுத்தோடு வரும் பொருள்கள் ஏலத்தில் இடம்பிடித்தவை. அந்தத் தேடுசொல்லுக்கு ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்று நாம் குறிக்கிறோம். கிளிக் விழுந்தால்தான் காசு போகும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது ஒரு புதுப் போட்டியாளர் வந்தார். அதுவரை எங்களுக்கு ஒரு கிளிக் ஒன்பது ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. திரையில் காட்டும் பரிந்துரை ஏலம் பதினான்கானது, பத்தொன்பதானது, மூன்றாவது வாரம் இருபத்து நான்கில் நின்றது. எங்கள் கல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. பட்டறைக்காரர் போன் செய்தார். "தம்பி, அவன் இருபத்து நாலு குடுக்கிறான்னா நம்மால ஏன் முடியாது?" நான் கணக்குப் போடாமல், "முடியும் அண்ணா" என்று சொல்லி ஏலத்தை ஏற்றிவிட்டேன்.

பத்து நாள் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஆர்டர்கள் கூடின. விளம்பரத்தால் வந்த விற்பனையில் விளம்பரச் செலவு எத்தனை சதவீதம் என்று காட்டும் ஏகாஸ் 20-இல் நின்றது. இருபதுக்குள் இருந்தால் நல்லது என்று இந்தத் தொழிலில் பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மாதக் கடைசியில் பட்டறைக் கணக்காளர் வங்கிக்கு வந்த தொகையைக் காட்டினார். ஆர்டர் கூடியிருக்கிறது, மிச்சம் குறைந்திருக்கிறது.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து, ஒரு கல்லுக்கு என்ன மிஞ்சுகிறது என்று முதல்முறையாக முழுதாக எழுதினேன். விலை ரூ.1,299. வரி போக கைக்கு வருவது ரூ.1,160. கல்லுக்கும் பெட்டிக்கும் 520, சந்தையின் கமிஷனும் மற்ற கட்டணமும் 150, நாலு கிலோ எடையை அனுப்ப 170, திரும்பி வருவதற்கும் கைப்பிடி உடைவதற்கும் சராசரியாக 60. ஆக 900 போனால் மிச்சம் ரூ.260. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழிக்காவிட்டால் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். 1,299-இல் 260 என்பது சரியாக 20 சதவீதம். நான் "நல்லது" என்று நினைத்துக்கொண்டிருந்த எண், எங்கள் கல்லைப் பொறுத்தவரை லாபமே இல்லாத எண்.

அடுத்த கணக்கு இன்னும் சின்னது. எங்கள் பக்கத்துக்கு வரும் 100 கிளிக்கில் 8 பேர் வாங்குகிறார்கள். 260-ஐ 0.08-ஆல் பெருக்கினால் ரூ.20.80. ஒரு கிளிக்குக்கு அதற்கு மேல் கொடுத்தால் ஒவ்வொரு கல்லையும் கைக்காசு போட்டு விற்கிறோம். லாபத்தில் பாதியாவது நிற்க வேண்டுமென்றால் ரூ.10.40. நாங்கள் அப்போது சராசரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது 21. போட்டியாளர் எவ்வளவு ஏற்றினாலும் இந்த 20.80 மாறப்போவதில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய ஏலம் அவருடைய மிச்சத்திலிருந்து வருகிறது. அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தோசைக்கல்லோடு பணியாரக்கல்லும் சேர்த்து ரூ.2,199-க்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு ஆர்டரில் எங்களைவிட அதிகம் மிஞ்சினால், ஒரு கிளிக்குக்கு அதிகம் கொடுக்க அவரால் முடியும்தான்.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். விளம்பரம் திரையில் எந்த இடத்தில் வந்தது என்று பிரித்துக் காட்டும் அறிக்கையில் முதல் வரிசைக்குச் சில நாள் ஒரு கிளிக் 37 ரூபாய் என்று இருந்தது. ஆனால் அந்தத் தேடுசொல்லுக்கு நான் குறித்திருந்த ஏலம் 24-கூட இல்லை. தேடிப் பார்த்தால், முதல் வரிசைக்கு 50 சதவீதம் கூட்டிக் கொடு என்று எப்போதோ வைத்திருந்தேன். அதோடு, வாங்க வாய்ப்பிருக்கும் இடத்தில் ஏலத்தைத் தானாக ஏற்றி இறக்கும் முறையும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் அந்த முறை ஏலத்தை இரட்டிப்பாக்கும் வரை போகும். 20 ரூபாய் குறித்தால் 50 சதவீதத்தோடு 30, அது இரட்டித்தால் 60 வரை போகலாம். குறித்த ஏலத்தைவிடக் கொடுத்த கிளிக் விலை கூடுதலாக இருந்தால், எங்கோ இப்படி ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இறக்க மட்டும் செய்யும் முறைக்கு மாற்றினேன், கூட்டலையும் எடுத்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. 8 சதவீதம் என்பது சராசரி. வாடிக்கையாளர் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களின் அறிக்கையை இறக்கி வரிவரியாகப் பார்த்தேன். வெறும் `dosa tawa` என்று தேடியவர்களில் 100-க்கு 3 பேர்தான் வாங்கினார்கள். நான்ஸ்டிக் தேடுகிறவர், அலுமினியம் தேடுகிறவர் எல்லாரும் அதில் கலந்திருப்பார்கள். அதற்கு எங்கள் உச்சவரம்பு ரூ.7.80. `cast iron dosa tawa 12 inch` என்று அளவோடு தேடியவர்களில் 14 பேர் வாங்கினார்கள். அவர் மனதில் கல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அங்கே உச்சவரம்பு ரூ.36.40, போட்டியாளரின் 24-க்கு மேலேயும் நாங்கள் லாபத்தோடு நிற்க முடியும். நான் இரண்டுக்கும் ஒரே ஏலம் வைத்திருந்தேன்.

நீளச் சொல்லைத் தனிப் பிரச்சாரமாக, அச்சொட்டாகப் பொருந்தும் தேடல்களுக்கு மட்டும் வைத்தேன். பொதுச் சொல்லை ஏழு ரூபாய்க்கு இறக்கினேன். `non stick` வரும் தேடல்களை விலக்குப் பட்டியலில் போட்டேன், எங்கள் பொருள் அது இல்லையே. மற்ற சொற்களை விலக்குவதில் அவசரப்படவில்லை. 20 கிளிக்கில் ஒரு ஆர்டரும் இல்லை என்றால் அந்தச் சொல் தேறாது என்று தோன்றும். ஆனால் 8 சதவீதம் விற்கக்கூடிய நல்ல சொல்கூட, 20 கிளிக்கில் ஒன்றும் விற்காமல் போக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது. 40 கிளிக் வரை பொறுத்தால் அது நூற்றில் நான்குக்கும் கீழே இறங்கும். அதனால் 40 வரை ஏலத்தைக் குறைத்து மட்டும் பார்ப்பேன். கிளிக் செய்தவர் நாலைந்து நாள் யோசித்து வாங்குவதும் உண்டு. நேற்றைய வரியை வைத்து இன்று எதையும் வெட்டுவதில்லை.

முதல் வாரம், விளம்பரத்தால் வந்ததும் அது இல்லாமல் வந்ததும் சேர்த்து, ஆர்டர் நாளுக்கு 22-இலிருந்து 17-க்கு விழுந்தது. பட்டறைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். லேத் தூசி படிந்த கையோடு உட்கார்ந்து, "அஞ்சு கல்லு போச்சே தம்பி" என்றார். தாளைத் திருப்பிக் காட்டினேன். முன்பு 22 கல்லில் 5,720 ரூபாய், அதில் விளம்பரத்துக்கு 3,400 போக மிச்சம் 2,320. இப்போது 17 கல்லில் 4,420, விளம்பரம் 1,500 போக 2,920. அவர் அதைத் தன் விரலால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப அஞ்சு கல்ல சும்மாதான் ஊத்திட்டு இருந்தோமா?" என்று மட்டும் கேட்டார். உலை முன்னால் நின்று வார்க்கும் ஆட்களை அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதில் ஒரு கவலை உண்டு. விளம்பர விற்பனை குறைந்தால் காலப்போக்கில் விளம்பரம் இல்லாமல் கிடைக்கும் இடமும் கீழே இறங்கக்கூடும். அதனால் விளம்பரமில்லாமல் வரும் ஆர்டர்களைத் தனி வரிசையில் தினமும் குறித்துவருகிறேன். அது அப்போது நாளுக்கு 9, ஒரு மாதம் கழித்து 8. இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் பொதுச் சொல்லில் கொஞ்சம் ஏற்றலாம் என்று பேசிவைத்தோம், அதற்கும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்பே எழுதிக்கொண்டு.

உச்சவரம்பை உயர்த்த இன்னொரு வழி இருந்தது. ஒற்றை நட்சத்திர விமர்சனங்களில் பாதிக்குமேல் "தோசை ஒட்டுகிறது", "இவ்வளவு கனம் என்று தெரியாது" என்றுதான் இருந்தன. எண்ணெய் தடவிக் கல்லைப் பழக்கும் விதத்தை நாலு படங்களில் போட்டோம். எடையை முதல் படத்திலேயே எழுதினோம். 100-க்கு 8 பேர் வாங்கியது 10 ஆனால் 20.80 என்பது 26 ஆகிவிடும், திரும்பி வருவது குறைந்தால் 260-உம் கூடும். பணியாரக்கல் சேர்த்த ஜோடிக்கு வார்ப்புப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் அதன் அடக்கவிலையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வரை போலாம்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் விலை வைக்கலாம்."