2 நாள் வேலை 3 நாள் ஆன கதை: எங்கள் பட்டறையின் மணிக்கணக்கு

கோவையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபிட்டர், வெல்டர், லேத் ஆள், கூட ஒரு ஹெல்பர். ரேட் கேட்டால் பல வருஷமாக நான் போட்ட கணக்கு இதுதான்: தொழில் தெரிந்த 3 பேருக்கும் சேர்த்து மாதம் 62,000 சம்பளம், அதை 3 ஆள், 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 100 ரூபாய். அதை இரட்டிப்பாக்கி 200 என்று கொட்டேஷன் கொடுப்பேன். பாதிக்குப் பாதி நிற்கிறதே என்று ஒரு தெம்பு. வருஷக் கடைசியில் கையில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதுதான் புரியாமல் இருந்தது.

ஒரு மில்லுக்கு 12 ஸ்டாண்டு செய்து கொடுத்தபோதுதான் பிடி கிடைத்தது. மெட்டீரியல் அவர்களுடையது, எங்களுக்குக் கூலி மட்டும். முதல் ஸ்டாண்டைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கட்டிங், மார்க்கிங், டேக், ஃபுல் வெல்டு, கிரைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு ஆள் கணக்கில் சரியாக 4 மணி நேரம். 12 ஸ்டாண்டுக்கு 48 மணி, மணிக்கு 200 வீதம் 9,600 ரூபாய். 3 பேர் 8 மணி நேரம் பார்த்தால் 2 நாளில் முடிய வேண்டும், மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வண்டி ஏறியது. இத்தனைக்கும் ஒருத்தரும் சும்மா உட்காரவில்லை. ஒவ்வொரு ஸ்டாண்டும் அதே 4 மணி நேரம்தான் எடுத்தது.

அப்படியானால் அந்த ஒரு நாள் எங்கே போனது?

அதற்கு ஒரு நோட்டு வைத்தேன். எந்த வேலை, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு நிறுத்தம், அவ்வளவுதான் எழுத வேண்டும். வயதில் மூத்த எங்கள் ஃபிட்டர் அண்ணன் முதல் நாளே, “ஏனுங்க தம்பி, ஒண்ணுக்குப் போனாக்கூட எழுதோணுங்களா?” என்று கேட்டுவிட்டார். அதெல்லாம் வேண்டாம், ஜாப் மேல் கை இருக்கிற நேரத்தை மட்டும் எழுதுங்கள், மிச்சத்தை நான் கேட்கவே மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் நோட்டில் உண்மை நேரம் ஏறியது. மிச்சத்தை எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் பொய்தான் எழுதுவார்கள், நானாக இருந்தாலும்.

4 வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். வந்து நின்ற 8 மணி நேரத்தில் ஜாப் மேல் போனது ஆளுக்குச் சராசரியாக 5 மணி 15 நிமிஷம். டீ இரண்டு வேளைக்கு அரை மணிக்கு மேல். காலையில் மெஷின் துடைத்து எண்ணெய் விடுவது, சாயங்காலம் கூட்டிப் பெருக்குவது. கேஸ் சிலிண்டர் மாற்ற, கட்டிங் வீல் வாங்க என்று ஒருத்தர் வண்டியை எடுத்தால் முக்கால் மணி போச்சு. சக் சாவியைத் தேடிய நேரம் தனி. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அது வேறு. அப்புறம், நாங்களே தப்பாக வெட்டித் திரும்பச் செய்தது. இதை ஜாப் நேரத்தில் சேர்க்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன், சேர்த்தால் எங்கள் தப்பும் ஒரு ஸ்டாண்டுக்கான நேரத்தில் ஏறிப்போய், அடுத்த கொட்டேஷனும் அந்தத் தப்போடுதான் போகும். மார்க்கிங்கும் செட்டிங்கும் அப்படியில்லை, அவை ஜாப் நேரம்தான்.

அடுத்து வருஷக் கணக்கு. ஞாயிறு போக 313 நாள் சம்பள நாள். சட்டப்படி கொடுக்க வேண்டிய 9 விடுமுறை, நாங்கள் கொடுக்கும் மாதம் ஒரு லீவு என்று 12, ஆக 21 நாள் போனால் மிச்சம் 292. நாளைக்கு 5.25 மணி வீதம் ஆளுக்கு 1,533 மணி, 3 பேருக்கு 4,599. சரி, 4,600. ஹெல்பர் நேரத்தை நான் விற்பதில்லை, அவர் தூக்கிப் பிடிப்பதால்தான் மற்ற மூவருக்கும் இந்த நேரமே கிடைக்கிறது, அதனால் அவர் சம்பளம் இவர்கள் மணி மேல் ஏறுகிறது.

செலவுப் பக்கம்: ஹெல்பரோடு மாதம் 75,000 சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், ஆக வருஷத்துக்கு 9,75,000. வாடகை, கரண்ட், மெஷின் தவணை, சில்லறைச் செலவு எல்லாம் மாதம் 35,000, வருஷத்துக்கு 4,20,000. மொத்தம் 13,95,000. இதை 4,600-ஆல் வகுத்தால் மணிக்கு 303 ரூபாய். நான் 200-க்கு விற்றுக்கொண்டிருந்த மணியின் அடக்கவிலை 303! எனக்கென்று மாதம் 25,000 எடுத்தால் 368. அந்த 12 ஸ்டாண்டுக்கு அடக்கமே 14,544, நான் வாங்கியது 9,600.

இதோடு தெளிந்துவிட்டேன் என்று நினைத்தேன், இல்லை. அடுத்து ஒரு கம்பி வேலி கேட் வேலை வந்தது. 2 பேர் 3 நாள் ஆகும் என்று பழைய பழக்கத்தில் மனசுக்குள் போட்டு, 48 மணி, 368 வீதம் 17,664 என்று ரேட் கொடுத்தேன். வேலை கைவிட்டுப் போனது. பிறகுதான் உறைத்தது: ‘2 பேர் 3 நாள்’ என்று அனுபவத்தில் சொல்லும்போதே அதற்குள் டீயும் கடைக்குப் போனதும் இருக்கின்றன. அது வந்து நிற்கும் மணி, ஜாப் மணி இல்லை. உண்மையில் அதில் 31.5 மணிதான் ஜாப், சரியான ரேட் 11,592. வீணான நேரத்தை ஒரே ரேட்டில் இரண்டு தடவை ஏற்றியிருந்தேன். நாள் கணக்கில்தான் யோசிக்க வருகிறது என்றால் அதற்கு மணி ரேட் வேறு, எங்கள் பட்டறையில் 368-ஐ 8-ஆல் வகுத்து 5.25-ஆல் பெருக்கினால் வரும் 241.50. இரண்டில் எதை வேண்டுமானாலும் பிடிக்கலாம், கலக்கக்கூடாது. இப்போது கொட்டேஷன் ஃபைலில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ‘ஜாப்’ அல்லது ‘நாள்’ என்று எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று, அந்த 4 வாரமும் தீபாவளிக்கு முந்தைய நெரிசல் சமயம். பொங்கல் கழித்து வேலை மந்தமான மாதத்தில் மறுபடி நோட்டு வைத்தால் 4.5 மணிதான் வந்தது. வருஷச் சராசரி 5 என்று எடுத்ததில் ரேட் 387 ஆனது, 390 என்று வைத்திருக்கிறேன்.

அதே மில்காரர் போன மாதம் 8 ஸ்டாண்டு கேட்டு வந்தார். 32 மணி, 12,480 என்றேன். போன தடவை ரேட்டுக்கு 6,400-தானே வருகிறது, இப்போது இரட்டிப்பாகச் சொல்கிறீர்களே என்றார். நியாயமான கோபம்தான், தப்புக் கணக்குப் போட்டவன் நான். ஆனால் மணி ரேட்டில் கை வைக்கவில்லை. பைப்பை அளவுக்கு வெட்டியே அனுப்ப முடியுமா என்று கேட்டேன், அவர்களிடம் கட்டிங் மெஷின் இருக்கிறது. அனுப்புகிறோம் என்றார். கட்டிங் போனதும் ஒரு ஸ்டாண்டு 3 மணி 15 நிமிஷம், 8-க்கு 26 மணி, 10,140 ரூபாய். பேசி முடித்துவிட்டோம், பைப் திங்கட்கிழமை வருகிறது.